பேலியோவில் எடை குறைந்தது, ஓட்டமும் ஏன் குறைந்தது?

"மேடம், வயது 36. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. சோறு, இட்லியை நிறுத்தி ஏழு வாரமாகப் பேலியோ உணவில் இருக்கிறேன். 88 கிலோவிலிருந்து 81.5க்கு வந்துவிட்டேன். முதல் வாரத்திலேயே 3 கிலோ போனது. வாரம் மூன்று நாள் ஜிம், மூன்று நாள் ஓட்டம். டிசம்பரில் 21 கி.மீ. ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். முன்பு 58 நிமிடத்தில் முடித்த 10 கி.மீ. இப்போது 64 நிமிடம் ஆகிறது. சின்ன மேட்டில்கூட மூச்சு வாங்குகிறது. ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. 'உடம்பு பழகும்வரை பொறு' என்கிறார்கள் நண்பர்கள். இன்னும் எவ்வளவு நாள் பொறுப்பது? என்னைப் பார்த்து என் மனைவியும் (ஏழு மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறார்), சர்க்கரைக்கு மூன்று மாத்திரை சாப்பிடும் அப்பாவும் வரும் திங்கட்கிழமை ஆரம்பிக்கப் போவதாகச் சொல்கிறார்கள். ஆரம்பிக்கலாமா?"
- ஒரு வாசகர், திருப்பூர்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றவை காத்திருக்கும், திங்கட்கிழமை காத்திருக்காது. அப்பா ஆரம்பிக்க வேண்டாம், அவருடைய டாக்டரைப் பார்க்கும்வரை. மனைவி ஆரம்பிக்க வேண்டாம், குழந்தை தாய்ப்பாலை நிறுத்தும்வரை.

அப்பாவின் மாத்திரை அட்டைகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், அனுப்பினீர்கள். நல்லதாகப் போயிற்று. மூன்றில் மெட்ஃபார்மின் இந்த விஷயத்தில் பெரிய சிக்கல் செய்யாது. இரண்டாவது கிளிமிபிரைடு. அது கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. தட்டில் சோறு வருமென்று கணக்குப் போட்டுக் கொடுத்த அளவு அது. சோற்றை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டால், சுரந்த இன்சுலினுக்கு வேலை இல்லாமல் ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோகும். வியர்வை, கைநடுக்கம், சில சமயம் மயக்கம். 64 வயதில் குளியலறையில் மயங்கி விழுந்தால் அடிபடுவது இடுப்பெலும்பு.

மூன்றாவதுதான் என்னை உட்கார வைத்தது. டபாகிளிஃப்ளோசின். 'கிளிஃப்ளோசின்' என்று முடியும் எல்லா மாத்திரைக்கும் ஒரே வேலைதான்: ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுவது. நல்ல மருந்து, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்கிறது. ஆனால் சர்க்கரை வெளியே போவதால் இன்சுலின் தேவை குறைகிறது. இன்சுலின் குறைந்தால் ஈரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்ற அமிலப் பொருட்களை அதிகமாக உண்டாக்கும். அதே நேரத்தில் மாவுச்சத்தையும் நிறுத்தினால் இரண்டு பக்கமும் ஒரே திசையில் தள்ளுவதுபோல ஆகிவிடும். ரத்தம் அமிலத்தன்மை அடையும் 'கீட்டோஅசிடோசிஸ்' வரலாம். இதில் பயங்கரம் என்னவென்றால், வழக்கமான கீட்டோஅசிடோசிஸில் குளுக்கோமீட்டர் 400, 500 என்று கத்தும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது 170, 180 என்று சாதுவாகக் காட்டிக்கொண்டிருக்கும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, ஒரேயடியான சோர்வு என்று வந்தால் "சர்க்கரை நார்மலாகத்தானே இருக்கிறது, அஜீரணமாக இருக்கும்" என்று வீட்டிலேயே சோடா குடிக்க வைத்துவிடுவார்கள். அப்படி எது வந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போய், இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லி, கீட்டோன் பாருங்கள் என்று கேட்க வேண்டும்.

அப்பாவுக்கு மாவுச்சத்தைக் குறைப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை உள்ளவருக்கு அதனால் நல்ல பலன் கிடைக்கும். ஆனால் முதலில் மருந்து மாறவேண்டும், பிறகுதான் தட்டு. கிளிமிபிரைடை எவ்வளவு குறைப்பது, டபாகிளிஃப்ளோசினை எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நானும் சொல்லக் கூடாது, வாட்ஸ்அப் குழுவும் சொல்லக் கூடாது. அதுவரை நான்கு இட்லிக்குப் பதில் இரண்டு, மதியம் ஒரு கப் சோறு, காய் இரண்டு பங்கு, சாயங்கால பஜ்ஜி கிடையாது. இதுவே போதும்.

மனைவி விஷயம் சுருக்கமாக. தாய்ப்பாலில் 100 மி.லி.க்கு ஏறக்குறைய 7 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. ஒரு நாளில் 600, 700 மி.லி. சுரந்தால் 40, 50 கிராம் சர்க்கரை குழந்தைக்குப் போகிறது. அம்மா சாப்பிடுவதே 20, 30 கிராம் என்றால், மீதியை உடம்பு எங்கிருந்தாவது எடுத்து உண்டாக்க வேண்டும். அந்த இழுபறியில், சர்க்கரை நோயே இல்லாத தாய்மார்கள் கீட்டோஅசிடோசிஸ் வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலும் கடுமையான மாவுச்சத்துக் கட்டுப்பாட்டோடு சாப்பாட்டின் அளவும் குறைந்திருந்த நாட்களிலும், காய்ச்சல் வாந்தி என்று சாப்பிட முடியாமல் போன நாட்களிலும் நடந்தவை. பிரசவ எடையைக் குறைக்க அவருக்கு வேறு வழிகள் இருக்கின்றன. தனியாக எழுதச் சொல்லுங்கள்.

சரி, இப்போது உங்கள் 64 நிமிடம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். நம் ஊரில் பேலியோ என்று சொல்லி நடப்பது உண்மையில் கீட்டோதான். ஆதி மனிதன் உணவு என்ற அசல் பேலியோவில் பால், வெண்ணெய், பன்னீர் எதுவும் கிடையாது, கிழங்கும் பழமும் உண்டு. நம்முடையதில் வெண்ணெய் டீ உண்டு, பன்னீர் உண்டு, மாவுச்சத்து நாளுக்கு 40, 50 கிராமுக்குள். இது கீட்டோவின் கணக்கு. வலிப்பு நோய்க்காக 1921-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் முன்வைத்த உணவுமுறையின் வாரிசு. வலிப்புக்கு அது இன்றும் சிகிச்சையாகப் பயன்படுகிறது. பெயர் எதுவானாலும் உங்கள் கால் தசைக்குத் தெரிவது ஒன்றுதான்: கிடங்கில் மாவுச்சத்து இல்லை.

உங்கள் எடைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். தசையிலும் ஈரலிலும் சேர்ந்து சுமார் 500 கிராம் கிளைகோஜன், அதாவது சேமித்து வைத்த மாவுச்சத்து, இருக்கும். ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு நின்றதும் கிளைகோஜன் கரைகிறது, பிடித்திருந்த தண்ணீரும் கிளம்புகிறது. அதிலேயே 2 கிலோவுக்குப் பக்கம் வந்துவிட்டது. இன்சுலின் தாழ்வதால் சிறுநீரகம் உப்பையும் வெளியே விடுகிறது, உப்போடு இன்னும் கொஞ்சம் தண்ணீர். முதல் வாரத்தின் 3 கிலோவில் கொழுப்பு கொஞ்சம்தான். மீதி 3.5 கிலோ ஆறு வாரத்தில் குறைந்திருக்கிறது. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற தோராயக் கணக்கில் பார்த்தால், நாளுக்கு 600, 650 கலோரி குறைவாகச் சாப்பிட்டிருக்கிறீர்கள். எங்கே குறைந்தது என்று உங்கள் பழைய சாப்பாட்டைப் பார்த்தாலே தெரிகிறது. சாயங்காலம் இரண்டு பஜ்ஜியும் சர்க்கரை போட்ட டீயும், ராத்திரி மூன்று புரோட்டா சால்னா. கொழுப்பை எரிக்கும் மந்திரம் எதுவும் நடக்கவில்லை, புரோட்டா போனது.

இதைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். பசி அடங்கியதால்தான் அந்த 600 கலோரி சிரமமில்லாமல் போனது, அது கீட்டோவின் உண்மையான பலம். வெயிட் குறைய வேண்டும், நடைப்பயிற்சி மட்டும் போதும் என்பவருக்கு நானே இதைக் கொடுத்திருக்கிறேன். ஆனால் நீண்ட நாள் கணக்கில் இது மற்ற உணவுமுறைகளைவிட மேல் என்று காட்ட முடியவில்லை. 2018-ல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 609 பேரை இரண்டு அணியாகப் பிரித்து ஒரு வருடம் பார்த்தார்கள். மாவுச்சத்தைக் குறைத்த அணி சராசரியாக 6 கிலோ, கொழுப்பைக் குறைத்த அணி 5.3 கிலோ. வித்தியாசம் என்று சொல்ல முடியாத அளவு. ஆக, எடைக்கு இது பல வழிகளில் ஒரு வழி. வேகமாக ஓடுவதற்கு அப்படி இல்லை.

ஏழு வாரத்தில் ஆறரை கிலோ இறக்கியிருக்கிறீர்கள். வேறு எதுவும் மாறாமல் இருந்தால், அவ்வளவு சுமை குறைந்த உடம்பு 10 கி.மீ.யை 58 நிமிடத்துக்கும் குறைவாக முடித்திருக்க வேண்டும். ஆறு நிமிடம் கூடியிருக்கிறது என்றால் உண்மையான இழப்பு ஆறைவிட அதிகம். முதுகிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த பிறகும் நடை தளர்ந்திருக்கிறது.

காரணம் எரிபொருள். மெதுவாக ஓடும்போது, பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே போகும் வேகத்தில், கொழுப்பே போதும். வேகம் கூடக் கூடத் தசைக்கு நொடிக்கு நொடி ஆற்றல் தேவை. கொழுப்பை எரித்து ஆற்றல் எடுக்கும் வழி நீளமானது, அவசரத்துக்கு ஈடுகொடுக்காது. அதோடு அது ஆக்ஸிஜனையும் கூடுதலாகக் கேட்கும். ஒரு லிட்டர் ஆக்ஸிஜனில் மாவுச்சத்து தருவதைவிடக் கொழுப்பு ஐந்து, ஆறு சதவீதம் குறைவான ஆற்றலே தருகிறது. தெருவில் நடக்கும்போது இது தெரியாது. மேட்டில் ஏறும்போது, ஏற்கெனவே நுரையீரலும் இதயமும் தங்கள் எல்லையில் இருக்கும்போது, அந்த ஐந்து சதவீதம்தான் உங்களுக்கு மூச்சு வாங்குவதாகத் தெரிகிறது.

"பழகினால் சரியாகும்" என்பதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலிய விளையாட்டுக் கழகத்தில் லூயிஸ் பர்க் தலைமையில், உலகத்தரமான வேகநடை வீரர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2017-ல் வெளியானது. மூன்று வாரக் கடும் பயிற்சி. ஒரு அணிக்கு நிறைய மாவுச்சத்து, ஒரு அணிக்கு அதையே நாளுக்கு நாள் ஏற்றி இறக்கி, ஒரு அணிக்கு நாளுக்கு 50 கிராமுக்குள் கீட்டோ. கீட்டோ அணியினர் கொழுப்பை எரிப்பதில் கில்லாடிகளாக ஆனார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதே வேகத்தில் நடக்க அவர்களுக்கு அதிக ஆக்ஸிஜன் தேவைப்பட்டது. 10 கி.மீ. பந்தயத்தில் மற்ற இரண்டு அணிகளும் ஐந்து, ஆறு சதவீதம் வேகம் கூட்டின. கீட்டோ அணிக்கு அதே பயிற்சியால் எந்த முன்னேற்றமும் இல்லை. அதே குழு மீண்டும் செய்து 2020-ல் வெளியிட்டபோதும் இதே முடிவுதான்.

மறுபக்கமும் உண்டு. 1983-ல் ஸ்டீஃபன் ஃபின்னி ஐந்து சைக்கிள் வீரர்களை நான்கு வாரம் கீட்டோவில் வைத்தார். மிதமான வேகத்தில் களைத்து விழும்வரை மிதிக்கச் சொன்னபோது, முன்பு எவ்வளவு நேரம் தாங்கினார்களோ கிட்டத்தட்ட அவ்வளவு நேரம், இரண்டரை மணி நேரத்துக்குப் பக்கம், தாங்கினார்கள். நீண்ட நேரம், மிதமான வேகம் என்றால் கீட்டோ கைவிடாது. நூறு கி.மீ. ஓடுகிற சிலர் இதை விரும்புவது அதனால்தான். நீங்கள் ஓடப்போவது 21 கி.மீ., அதுவும் நேரம் பார்த்து. அது மிதமான வேகம் கிடையாது.

ஆகவே எவ்வளவு நாள் பொறுப்பது என்றால்: உப்பும் தண்ணீரும் சரியாக ஒன்றிரண்டு வாரம், கொழுப்பு எரிக்கப் பழக மூன்று, நான்கு வாரம். உங்களுக்கு ஏழு முடிந்துவிட்டது. நீங்கள் பழகிவிட்டீர்களா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. நீங்கள் அனுப்பிய கைக்கடிகாரக் குறிப்பிலேயே விடை இருந்தது. வியாழக்கிழமை மெதுவான ஓட்டம், கி.மீ.க்கு ஏழே கால் நிமிடம், இதயத்துடிப்பு முன்பு இருந்த 138, 140 தான். அது பழகிவிட்டது. செவ்வாய்க்கிழமை ஒரு கி.மீ. வீதம் ஐந்து முறை வேகமாக ஓடுவதில் முதல் இரண்டு சுற்று பரவாயில்லை, மூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றும் 20, 25 விநாடி கூடிக்கொண்டே போயிருக்கிறது. மெது ஓட்டம் சரியாக இருந்து வேக ஓட்டம் மட்டும் படுத்தால், அது பழகாத உடம்பின் அடையாளம் இல்லை. பழகிய உடம்பின் எல்லை அது. இன்னும் இரண்டு மாதம் பொறுத்தாலும் அந்த மூன்றாவது சுற்று திரும்பி வராது.

"அப்படியானால் பந்தயத்துக்கு முந்தைய நாள் மட்டும் பிரியாணி சாப்பிட்டுக்கொள்ளலாமே" என்று நிறைய பேர் கேட்பார்கள். கிடங்கு நிரம்பும், உண்மைதான். ஆனால் மாவுச்சத்தை எரியும் உலைக்குள் அனுப்பும் வாசலில் பைருவேட் டீஹைட்ரஜனேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. கொழுப்பு உணவில் சில நாள் இருந்தாலே அதன் வேலை மந்தமாகிவிடும். கிடங்கை நிரப்பின பிறகும் வாசல் பாதிதான் திறந்திருக்கும். அது முழுதாகத் திறக்க, மாவுச்சத்தோடேயே சில வாரம் பயிற்சி செய்ய வேண்டும். கூடவே வயிறு. ஏழு வாரம் சோறு பார்க்காத வயிற்றில் ஒரே ராத்திரியில் பிரியாணியை இறக்கினால், காலையில் வரிசையில் நிற்பது ஓட்டத்துக்காக இருக்காது.

கெண்டைக்கால் பிடிப்புக்கு வருகிறேன். திருப்பூர் வெயிலில் காலை ஏழு மணிவரை ஓடுகிறீர்கள், சிறுநீரகம் உப்பை விடுகிறது, வியர்வையும் உப்பை எடுக்கிறது. ஊறுகாய், அப்பளம், மிக்சர் எல்லாம் நிறுத்திவிட்டதாகப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உப்பு வரவே அதுதான். உங்களுக்கு ரத்த அழுத்தமோ சிறுநீரக, இதயப் பிரச்சினையோ இல்லை என்று உறுதி செய்துகொண்டதால் சொல்கிறேன்: ஓடும் நாட்களில் கூடுதலாக அரை டீஸ்பூன் உப்பு, ஓட்டம் முடிந்ததும் நீர்மோரிலோ ஆட்டுக்கால் சூப்பிலோ. ஒரு வாரத்தில் பிடிப்பு விடவேண்டும். படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றுகிறதா என்று பாருங்கள். அதுவும் உப்புக் குறைவின் அடையாளம்தான். பொட்டாசியம் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். அதற்குக் கீரையும் காயும் போதும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த உப்பு ஆலோசனையைத் தங்களுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. கீட்டோவில் அவர்களுக்கு அழுத்தம் இறங்கி, மாத்திரையைக் குறைக்க வேண்டிவரும். அதை டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

ஜிம் பற்றி நீங்கள் குறை சொல்லவில்லை, அதுவும் சரிதான். ஐந்து முறை தூக்கி மூன்று நிமிடம் ஓய்வெடுக்கும் பாணியில் தசையில் இருக்கும் பாஸ்ஃபோகிரியாட்டின் என்ற உடனடி எரிபொருள் வேலை செய்கிறது, அதற்குச் சோறு பெரிதாகத் தேவையில்லை. பன்னிரண்டு, பதினைந்து முறை தூக்கினால் வித்தியாசம் தெரியும். எனக்கு அங்கே கவலை தந்தது வேறு. செவ்வாய், வெள்ளி வீட்டில் அசைவம் கிடையாது, முட்டையும் கிடையாது. அந்த நாட்களில் நீங்கள் சாப்பிடுவது காலையில் 100 பாதாம், மதியம் 200 கிராம் பன்னீர், ராத்திரி வெண்ணெயில் வதக்கிய காய். பாதாமில் 25 கிராம் புரதம், பன்னீரில் 36 முதல் 40 கிராம், காயும் தயிரும் சேர்த்து எல்லாம் 75 கிராமைத் தாண்டாது. எடை குறைத்துக்கொண்டே பளு தூக்குகிற, 81 கிலோ உள்ளவருக்கு 130 கிராம் வேண்டும். மற்ற நாளில் கோழி, முட்டை என்று வந்துவிடுகிறது. வாரத்தில் இரண்டு நாள் பாதிதான். சுண்டல், பருப்பு எல்லாம் மாவுச்சத்துக் கணக்கில் வெளியேறிவிடுவதால், சைவத் தட்டில் கீட்டோ செய்பவர்கள் எல்லோருமே முட்டிக்கொள்கிற இடம் இது. பொறுத்துப் பொறுத்துக் குறைவது கொழுப்பா தசையா என்று தராசு சொல்லாது.

இங்கேதான் நாள்காட்டி உங்களுக்கு உதவுகிறது. இன்னும் மூன்று வாரத்தில் புரட்டாசி பிறக்கிறது. மாதம் முழுக்கச் சைவம் என்றால் கீட்டோவில் உங்கள் புரதம் தினமும் 75-ல் நிற்கும். பந்தயத்துக்கும் அங்கிருந்து பன்னிரண்டு வாரம் இருக்கும், பயிற்சிக்கு அளவான காலம். அதனால் என் யோசனை: புரட்டாசி வரை இப்படியே போகட்டும், இன்னும் ஒன்றரை கிலோ குறையும். இந்த மூன்று வாரமும் வேக ஓட்டத்தை நிறுத்திவிட்டு மெதுவாக மட்டும் ஓடுங்கள். புரட்டாசி முதல் தேதியிலிருந்து மாவுச்சத்து திரும்ப வரட்டும். ஆனால் எல்லா நாளும் ஒரே அளவு வேண்டாம், அன்றைய ஓட்டத்தைப் பொறுத்து.

செவ்வாய், வேக ஓட்டம். காலை ஐந்து மணிக்கு ஒரு வாழைப்பழம், 25 கிராம் மாவுச்சத்து. ஓடி வந்ததும் நான்கு இட்லி, கெட்டியாகப் பருப்புப் போட்ட சாம்பார், 60 கிராமுக்குக் கொஞ்சம் மேல். மதியம் வடித்த சோறு இரண்டு கப், குழம்பு, பொரியல், தயிர் எல்லாம் சேர்த்து 110. ராத்திரி மூன்று சப்பாத்தி, பன்னீர் குருமா, 50. மொத்தம் 245 கிராம், உங்கள் எடைக்குக் கிலோவுக்கு மூன்று கிராம். ஞாயிறு நீண்ட ஓட்டத்துக்கும் இதே அளவு, அதற்கு முந்தைய ராத்திரிச் சாப்பாட்டிலிருந்தே தொடங்கி. வியாழன் மெது ஓட்டத்துக்கும் ஜிம் நாட்களுக்கும் பாதி போதும். காலையில் முளைகட்டிய பயறும் தயிரும், மதியம் ஒரு கப் சோறு, சாயங்காலம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், ராத்திரி பன்னீரும் காயும். 110, 120 கிராமில் முடியும். பருப்பும் சுண்டலும் உள்ளே வந்ததும் புரதக் கணக்கும் ஏறும். 130-ஐத் தொடவில்லை என்றால், ஜிம்முக்குப் பிறகு ஒரு கரண்டி வே புரதம் மோரில் கலக்கிக் குடிக்கலாம். பஜ்ஜியும் புரோட்டாவும் எங்கேயும் வரவில்லை, கவனித்திருப்பீர்கள். கொழுப்பையும் கொஞ்சம் இறக்க வேண்டும். சோறும் வந்து, வெண்ணெய் டீயும் 100 பாதாமும் தங்கிவிட்டால் குறைந்த எடை அப்படியே திரும்பிவிடும். 100 பாதாம் என்பது ஏறக்குறைய 700 கலோரி. இருபது போதும்.

முதல் வாரத்தில் தராசு ஒன்றரை, இரண்டு கிலோ ஏறும். பதறிப்போய் மறுபடி சோற்றை நிறுத்திவிடாதீர்கள். முதல் வாரம் போன அதே தண்ணீரும் கிளைகோஜனும்தான் திரும்பி வருகிறது, உங்களுக்குத் தேவையானதும் அதுதான். இடுப்புச் சுற்றளவை டேப் வைத்து அளந்து கொள்ளுங்கள், அது ஏறாது.

இரண்டு ரத்தப் பரிசோதனை. ஒன்று, கொலஸ்ட்ரால், இந்த வாரமே. கீட்டோவில் சிலருக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் மிக அதிகமாக ஏறுகிறது. ஒல்லியாக, நன்றாக உடற்பயிற்சி செய்கிறவர்களுக்குத்தான் அது அதிகம் நடக்கிறது என்பது பலருக்கு ஆச்சரியம். 190-ஐத் தொட்டிருந்தால் புரட்டாசிக்குக் காத்திருக்காமல் இப்போதே மாறுங்கள், மாறிய ஆறாவது வாரம் மறுபடி பாருங்கள். இன்னொன்று, அப்பாவுக்குச் சர்க்கரை என்பதால் உங்களுக்கும் பார்ப்பீர்கள். கம்பெனியில் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனை என்றால், அதற்கு முன் மூன்று நாளாவது நாளுக்கு 150 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும். கீட்டோவிலிருந்து நேரே போய் அந்த 75 கிராம் குளுக்கோஸைக் குடித்தால், நோயே இல்லாதவருக்கும் எண் ஏறிக் காட்டும். இப்படி ஒரு ரிப்போர்ட்டோடு அழுதுகொண்டே என்னிடம் வந்தவர் இருக்கிறார். மூன்று நாள் இட்லி சாப்பிட வைத்து மறுபடி எடுத்தோம், 118.

நீண்ட ஓட்டம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும்போது, ஓடிக்கொண்டே மணிக்கு 30 கிராமிலிருந்து மாவுச்சத்து எடுக்கப் பழகுங்கள். விலையுயர்ந்த ஜெல் வாங்க வேண்டியதில்லை. அரை லிட்டர் தண்ணீரில் தலை தட்டின எட்டு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டு சிட்டிகை உப்பு, அரை எலுமிச்சை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நான்கைந்து மடக்கு. வயிறு முதல் இரண்டு ஞாயிறு கடமுடா என்னும், மூன்றாவதில் ஒத்துக்கொள்ளும். நவம்பர் முதல் ஞாயிறு அந்தப் பழைய 10 கி.மீ. வழியிலேயே, அதே நேரத்தில் கிளம்பி ஓடிப் பார்த்துவிட்டு, எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள்.